பாயிண்ட் மூடியிருக்கும் அந்தச் சில மில்லிநொடிகள்

பழைய அம்பாசிடர் கார்களை ஓட்டியவர்களுக்கும் பழுதுபார்த்தவர்களுக்கும் நன்கு பழகிய கோளாறு ஒன்று உண்டு. ஊருக்குள் வண்டி எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். சிக்னலில் நின்றாலும் இன்ஜின் சீராக உறுமிக்கொண்டிருக்கும். நெடுஞ்சாலையில் ஏறி ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதுதான் மிஸ்ஸிங் தொடங்கும். வண்டி இழுக்காது, சைலன்சர் படபடவென்று வெடிக்கும். மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை உள்ளே விட்டு, பாயிண்ட் இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் இருக்கும்படி திருகைத் திருப்பி வைப்பார். கோளாறு போய்விடும்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. பாயிண்ட் இடைவெளி தவறாக இருந்தால், அது மெதுவாக ஓடும்போதும் தவறாகத்தானே இருந்திருக்கும்? அப்போது ஏன் இன்ஜின் குறை சொல்லவில்லை? வேகம் கூடியதும் மட்டும் ஏன் தடுமாறுகிறது?

பதில் இக்னிஷன் காயிலுக்குள் இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டவுடனே ஒரு கம்பிச்சுருளில் மின்னோட்டம் முழு அளவை எட்டிவிடுவதில்லை. அது ஏறுவதற்குச் சில மில்லிநொடிகள் வேண்டும். மெதுவாகச் சுழலும் இன்ஜின் அந்த நேரத்தைத் தாராளமாகக் கொடுக்கிறது. வேகமாகச் சுழலும் இன்ஜினால் கொடுக்க முடிவதில்லை.

அமைப்பு எளிமையானது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சாவி வழியாக ஒரு கம்பி காயிலின் முதன்மைச் சுற்றுக்குப் போகிறது. இரும்புத் தகடுகளாலான உள்ளகத்தின் மேல் சில நூறு சுற்றுகள் சுற்றப்பட்ட செப்புக் கம்பி அது. அதன் மறுமுனை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டுக்கு வருகிறது. பாயிண்ட் என்பது ஒரு ஸ்விட்ச்தான். கையால் போடுவதற்குப் பதிலாக, சுழலும் கேம் அதைத் திறந்து மூடுகிறது. மூடியிருக்கும்போது காயிலில் மின்னோட்டம் ஏறும். திறந்த கணத்தில் அந்த மின்னோட்டம் அறுபடும். அதுவரை காயிலில் சேர்ந்திருந்த காந்தப்புலம் சரிந்து, ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுற்றில் இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தத்தை எழுப்ப, ஸ்பார்க் பிளக்கில் பொறி பாயும். அமெரிக்காவின் டெய்டன் நகரில் டெல்கோ நிறுவனத்தைத் தொடங்கிய சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் கேடிலாக் கார்களுக்காக உருவாக்கிய முறை இது. ஐம்பது அறுபது ஆண்டுகள் உலகத்தின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் இதை வைத்தே ஓடின.

பொறி பறப்பது பாயிண்ட் திறக்கும்போது. ஆனால் அந்தப் பொறிக்கு எவ்வளவு வலு இருக்கும் என்பது அதற்கு முன்பே, பாயிண்ட் மூடியிருந்த நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தைத்தான் இங்கே விரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கணக்குக்காக ஒரு காயிலை எடுத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து 12 வோல்ட் காயில்களின் முதன்மைச் சுற்றின் மின்தடை 3 ஓம் அளவில் இருக்கும். அதன் தூண்டல் அளவை 9 மில்லிஹென்றி என்று வைத்துக்கொள்வோம். இந்த வகைக் காயிலுக்கு இது பொருத்தமான எண். பேட்டரி சரியாக 12 வோல்ட் தருகிறது.

பாயிண்ட் மூடுகிறது. அந்தக் கணத்தில் மின்னோட்டம் பூஜ்யம். மின்னோட்டமே இல்லாதபோது மின்தடையில் விழும் வோல்ட்டும் பூஜ்யம்தான். அப்படியானால் பேட்டரியின் 12 வோல்ட் எங்கே போகும்? முழுவதும் தூண்டலின் மீது விழுகிறது. தூண்டலின் இயல்பு, தன் மீது விழும் வோல்ட்டுக்கு ஏற்ற வேகத்தில் மின்னோட்டத்தை ஏற விடுவது. 12 வோல்ட்டை 9 மில்லிஹென்றியால் வகுத்தால் நொடிக்கு 1333 ஆம்பியர் வரும். பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், ஒரு மில்லிநொடிக்கு 1.33 ஆம்பியர் என்று சொன்னால் அளவு பிடிபடும். முதல் கணத்தில் மின்னோட்டம் ஏறும் வேகம் இதுதான். இதில் மின்தடைக்குப் பங்கே இல்லை.

ஆனால் இந்த வேகம் நீடிக்காது. மின்னோட்டம் 1 ஆம்பியரைத் தொட்டதும் 3 ஓம் மின்தடை 3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். தூண்டலுக்கு மிஞ்சுவது 9 வோல்ட். ஏறும் வேகம் மில்லிநொடிக்கு 1 ஆம்பியராகக் குறையும். 2 ஆம்பியரில் மின்தடைக்கு 6, தூண்டலுக்கு 6. வேகம் தொடக்கத்தில் இருந்ததில் பாதி. 3 ஆம்பியரில் தூண்டலுக்கு மிச்சம் 3 வோல்ட்தான்; வேகம் கால்பங்கு. மின்னோட்டம் ஏற ஏற, அதை ஏற்றுவதற்குக் கிடைக்கும் வோல்ட் தேய்ந்துகொண்டே வருகிறது. வெளியிலிருந்து யாரும் தடை போடவில்லை. தான் ஏறிய உயரமே அடுத்த ஏற்றத்தை மெதுவாக்குகிறது.

4 ஆம்பியரில் என்ன ஆகும்? மின்தடை மட்டுமே 12 வோல்ட்டையும் எடுத்துக்கொள்ளும். தூண்டலுக்கு ஒன்றும் இல்லை. ஆகவே ஏற்றமும் இல்லை. இதுதான் இந்தச் சுற்றின் இறுதி மதிப்பு, நிலையான மின்னோட்டம். 12-ஐ 3-ஆல் வகுத்த எளிய ஓம் விதிக் கணக்கு. தூண்டல் 9 மில்லிஹென்றியாக இருந்தாலும் 90 ஆக இருந்தாலும் இறுதியில் வருவது அதே 4 ஆம்பியர்தான். தூண்டலால் அங்கே போய்ச் சேரும் நேரத்தை மட்டுமே மாற்ற முடியும்.

கம்பிச்சுருளுக்கு இந்த மந்தம் எங்கிருந்து வருகிறது? மின்னோட்டம் ஏறும்போது சுருளைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் வளர்கிறது. வளரும் காந்தப்புலம் அதே சுருளின் ஒவ்வொரு சுற்றிலும், வளர்ச்சியை எதிர்க்கும் திசையில் ஒரு மின்னழுத்தத்தை எழுப்புகிறது. அமெரிக்காவின் ஆல்பனி நகரில் ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றி 1832-இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் மறுபக்கத்தைப் பதிவு செய்தார்: நீளமான கம்பி வழியாகப் பேட்டரியை இணைத்துத் துண்டிக்கும்போது, குட்டையான கம்பியில் வராத பெரிய பொறி வந்தது, கம்பியைச் சுருட்டினால் பொறி இன்னும் பெரிதானது. தூண்டலின் அலகு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மின்னோட்டம் ஏறும் வளைவின் கணித வடிவத்தை 1851-இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வரைந்து கொடுத்தார். இன்று பாடப்புத்தகங்களில் அது இப்படி இருக்கும்:

I = (V/R) × (1 − e^(−Rt/L))

அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள V/R இறுதி மதிப்பு. உள்ளே இருப்பது, அதில் எத்தனை பங்கு இதுவரை கிடைத்திருக்கிறது என்பது. தூண்டலை மின்தடையால் வகுத்தால் கிடைக்கும் நேரத்தைக் கால மாறிலி என்பார்கள். நம் காயிலுக்கு அது 9-ஐ 3-ஆல் வகுத்த 3 மில்லிநொடி. தொடக்க வேகம் குறையாமலே இருந்திருந்தால் சரியாக இந்த 3 மில்லிநொடியில் மின்னோட்டம் 4 ஆம்பியரை எட்டியிருக்கும். வேகம் குறைந்துகொண்டே போவதால், உண்மையில் அந்த நேரத்தில் 63 சதவீதம், அதாவது 2.53 ஆம்பியர்தான் கிடைக்கிறது.

அடுத்த 3 மில்லிநொடியில் மிச்சத்தின் 63 சதவீதம். ஆறாவது மில்லிநொடியில் 3.46 ஆம்பியர், ஒன்பதாவதில் 3.80, பதினைந்தாவதில் 3.97. இதையே வேறுவிதமாகவும் பார்க்கலாம்: ஒவ்வொரு 2.08 மில்லிநொடிக்கும், 4 ஆம்பியருக்கு இருக்கும் தூரம் பாதியாகிறது. 2.08-இல் 2 ஆம்பியர், 4.16-இல் 3, 6.24-இல் 3.5. கணிதப்படி மின்னோட்டம் 4-ஐ ஒருபோதும் தொடாது. பட்டறையில் அந்த நுட்பம் தேவையில்லை. ஐந்து கால மாறிலிகள் கடந்தால் 99.3 சதவீதம் வந்துவிடும், எந்த மீட்டரும் 4 என்றே காட்டும்.

நிலையான மின்னோட்டம் ஓடும்போது தூண்டல் வேலை செய்யாமல் நின்றுவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அதன் குறுக்கே வோல்ட் இல்லை. வெறும் கம்பி போலத்தான் நடந்துகொள்கிறது. ஆனால் அதுவரை அது வாங்கிச் சேர்த்த ஆற்றல் காந்தப்புலத்தில் அப்படியே இருக்கிறது. அந்த ஆற்றல் தூண்டலில் பாதியை மின்னோட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கிய அளவு. 4 ஆம்பியரில் நம் காயிலில் 72 மில்லிஜூல். பொறிக்கான முதல் இதுதான். வர்க்கம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும்: மின்னோட்டம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகிவிடும்.

நிலையான நிலைக்கு ஒரு விலையும் உண்டு. பேட்டரி அப்போது தரும் 48 வாட்டும் காயிலுக்குள் வெறும் சூடாகிறது. காந்தப்புலத்துக்குப் புதிதாக ஒன்றும் சேர்வதில்லை. இன்ஜின் ஓடாமல், சாவி மட்டும் ஆன் நிலையில் விடப்பட்டு, தற்செயலாகப் பாயிண்ட் மூடிய இடத்தில் கேம் நின்றிருந்தால், காயில் நிமிடக்கணக்கில் இந்த 48 வாட்டையும் விழுங்கிக்கொண்டிருக்கும். கையை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்து, உள்ளே இருக்கும் எண்ணெய் கசிந்து, சுற்றுகளின் காப்பு உருகி காயில் போன கதைகள் பல பட்டறைகளில் உண்டு. ஏறும் நேரம் குறைந்தால் பொறி மெலிகிறது. ஏறி முடித்த பிறகும் காத்திருந்தால் காயில் வேகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இக்னிஷன் அமைப்பின் வாழ்க்கை.

இப்போது இன்ஜினைச் சுழற்றிப் பார்க்கலாம். அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர். டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் பாதி வேகத்தில் சுழலும். அதன் கேமுக்கு நான்கு முனைகள். ஆகவே ஒவ்வொரு பொறிக்கும் கேம் 90 டிகிரி திரும்புகிறது. பாயிண்ட் இடைவெளி சரியாக இருந்தால் இந்த 90-இல் சுமார் 60 டிகிரி பாயிண்ட் மூடியிருக்கும். மீதி 30 டிகிரி திறந்திருக்கும். இந்தக் கோணம் வேகத்தால் மாறாது. ஆனால் அந்தக் கோணத்தைக் கடக்க ஆகும் நேரம் மாறும். முழுக் கதையும் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

ஐடிலில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று. ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் இடையே 37.5 மில்லிநொடி, அதில் பாயிண்ட் மூடியிருப்பது 25 மில்லிநொடி. எட்டு கால மாறிலிக்கும் மேல். மின்னோட்டம் நிதானமாக 4 ஆம்பியரை எட்டி, சிறிது நேரம் அங்கேயே இருந்துவிட்டும் அறுபடுகிறது. பொறிக்கு 72 மில்லிஜூலும் கிடைக்கும்.

4000 சுற்றில் நொடிக்கு 133 பொறி. இடைவெளி 7.5 மில்லிநொடி, மூடியிருக்கும் நேரம் 5. இந்த நேரத்தில் மின்னோட்டம் 3.24 ஆம்பியர் வரைதான் ஏறும். அதற்குள் பாயிண்ட் திறந்துவிடும். ஆற்றல் 47 மில்லிஜூல். குறைந்துவிட்டாலும் நல்ல பிளக்குக்கு இது போதும். ஓடும் வண்டியில் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் பேட்டரியை 14 வோல்ட் அருகே வைத்திருப்பதால் உண்மையான எண்கள் சற்றுக் கூடும். வளைவின் வடிவம் இதேதான்.

இப்போது பாயிண்ட் இடைவெளி அதிகமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கேம் முனை பாயிண்டைச் சீக்கிரமாகவே திறந்து, தாமதமாக மூட விடும். மூடியிருக்கும் கோணம் 60-லிருந்து 45 டிகிரியாகச் சுருங்கினால், ஐடிலில் மூடியிருக்கும் நேரம் 25-லிருந்து 19 மில்லிநொடிக்கு இறங்கும். அதுவும் ஆறு கால மாறிலிக்கு மேல். மின்னோட்டம் 4 ஆம்பியர்தான், பொறியில் வித்தியாசம் தெரியாது. 4000 சுற்றிலோ நேரம் 3.75 மில்லிநொடியாகும். மின்னோட்டம் 2.85 ஆம்பியர், ஆற்றல் 37 மில்லிஜூல். முழு அளவில் பாதிதான். தேய்ந்த பிளக், ஈரம் பிடித்த கம்பி, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் எழும் கூடுதல் அழுத்தம் எல்லாம் சேர்ந்தால் சில பொறிகள் பற்றவைக்கத் தவறும். ஊருக்குள் வராத மிஸ்ஸிங் நெடுஞ்சாலையில் வருவதன் காரணம் இதுவே.

இடைவெளியைக் குறைத்தால் மூடியிருக்கும் நேரம் கூடுமே, இன்னும் நெருக்கமாக வைத்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் கூடாது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் காயில் தன் மின்னோட்டத்தை விடாமல் பிடித்திருக்க முயல்வதால், முதன்மைச் சுற்றிலேயே சில நூறு வோல்ட் எழுகிறது. பக்கத்தில் இணைத்திருக்கும் கண்டென்சர் அந்தக் கணத்தைச் சமாளித்துக்கொடுத்தாலும், இடைவெளி மிகக் குறுகலாக இருந்தால் பாயிண்டின் நடுவிலேயே பொறி பறக்கும். பிளக்குக்குப் போக வேண்டிய ஆற்றல் அங்கேயே எரிந்து, பாயிண்டின் முகம் கருகிக் குழிவிழும். கருகிய முகம் சுற்றில் கூடுதல் மின்தடை. அது அரை ஓம் ஆனால் மொத்தம் 3.5 ஓம், இறுதி மதிப்பு 3.4 ஆம்பியருக்கு இறங்கிவிடும். இந்தக் கோளாறு ஐடிலிலும் தெரியும். வேகத்தில் மட்டும் வரும் தடுமாற்றம் ஏறும் நேரத்தின் குறை. எல்லா வேகத்திலும் வரும் பலவீனம் இறுதி மதிப்பின் குறை. நல்ல மெக்கானிக்குகள் பெயர் சொல்லாமலே இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவந்தார்கள்.

நான்கு சிலிண்டருக்கே இவ்வளவு நெருக்கடி என்றால், அமெரிக்கர்களின் எட்டு சிலிண்டர் இன்ஜின்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே காயில் எட்டுப் பிளக்குக்கும் பொறி தர வேண்டும். 5000 சுற்றில் இரண்டு பொறிக்கு இடையே 3 மில்லிநொடிதான். பாயிண்ட் மூடியிருப்பது சுமார் 2. நம் காயிலை அங்கே பொருத்தினால் மின்னோட்டம் 1.95 ஆம்பியரில் அறுபடும். ஆற்றல் 17 மில்லிஜூல், முழு அளவில் கால்பங்குக்கும் குறைவு.

வேகமாக ஏற என்ன வழி? தொடக்க வேகம் வோல்ட்டைத் தூண்டலால் வகுத்த அளவு. வோல்ட் பேட்டரியின் கையில், மாற்ற முடியாது. தூண்டலைக் குறைக்கலாம், சுற்றுகளைக் குறைத்தால் தூண்டல் சுற்றுகளின் வர்க்கத்தில் குறையும். ஆனால் அதே மின்னோட்டத்தில் சேரும் ஆற்றலும் கூடவே குறையும். ஈடுகட்ட மின்னோட்டத்தைக் கூட்ட வேண்டும். அதற்கு மின்தடையைக் குறைத்து இறுதி மதிப்பை உயர்த்த வேண்டும். அங்கேதான் பாயிண்ட் குறுக்கே நின்றது: நான்கைந்து ஆம்பியருக்கு மேல் ஓயாமல் அறுத்துக்கொண்டிருந்தால் அந்த உலோக முனைகள் சீக்கிரம் எரிந்துவிடும். அதனால்தான் காயில் செய்தவர்கள் மொத்த மின்தடையை 3 ஓம் அருகிலேயே வைத்திருந்தார்கள். மின்தடை அங்கே ஒரு காவல். இன்ஜின் எவ்வளவு மெதுவாகச் சுழன்றாலும், சாவியை மறந்து விட்டாலும், 4 ஆம்பியருக்கு மேல் போக முடியாது.

பிறகு வந்த பல கார்களில் இந்தக் காவலைக் காயிலுக்கு வெளியே எடுத்தார்கள். காயிலின் சொந்த மின்தடையை ஒன்றரை ஓமாகக் குறைத்து, மீதி ஒன்றரை ஓமை பல்லாஸ்ட் என்ற தனி மின்தடையாக இணைத்தார்கள். சூட்டில் பாதி காயிலுக்கு வெளியே போனது. அதைவிடப் பெரிய பயன் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கிடைத்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் இழுப்பில் பேட்டரி 9 வோல்ட் வரை இறங்கிவிடும். 3 ஓம் காயிலாக இருந்தால் இறுதி மதிப்பு 3 ஆம்பியர்தான். ஸ்டார்ட்டர் சுழலும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் பல்லாஸ்ட்டைத் தாண்டிக் கம்பி இழுத்துவிட்டால், அதே 9 வோல்ட்டுக்கு இறுதி மதிப்பு 6 ஆம்பியர். குளிர்ந்த இன்ஜினுக்கு வேண்டிய பொறி அங்கிருந்து வந்தது.

முடிச்சு உண்மையில் அவிழ்ந்தது, பாயிண்டின் இடத்துக்கு டிரான்சிஸ்டர் வந்தபோது. ஜெனரல் மோட்டார்ஸ் 1970-களின் நடுவில் தன் கார்களில் பரவலாகப் பொருத்திய அமைப்பு இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. உரசி எரியும் முனைகள் இல்லாததால் அதிக மின்னோட்டத்தை அறுக்கலாம்; மின்னோட்டத்தை அளந்து, வேண்டிய அளவோடு நிறுத்தவும் அந்தச் சுற்றால் முடியும். காவலுக்கு மின்தடை இனி தேவையில்லை. காயில்களின் முதன்மை மின்தடை அரை ஓம் அளவுக்கு இறங்கியது.

இங்கே வரும் கணக்கு, கால மாறிலியை மட்டும் மனப்பாடம் செய்தவர்களைத் தடுமாற வைக்கும். புதிய காயிலுக்கு 0.5 ஓம், 4 மில்லிஹென்றி என்று கொள்வோம். கால மாறிலி 8 மில்லிநொடி. பழைய காயிலின் 3 மில்லிநொடியைவிட மிக அதிகம்! அப்படியானால் இது மெதுவான காயிலா? இல்லை. ஓடும் வண்டியின் 14 வோல்ட்டுக்கு இதன் இறுதி மதிப்பு 28 ஆம்பியர். அந்த உயரத்துக்குப் போக 40 மில்லிநொடி ஆகலாம். ஆனால் யாரும் அங்கே போகப்போவதில்லை. தேவை 7 ஆம்பியர். மில்லிநொடிக்கு 3.5 ஆம்பியர் வேகத்தில் புறப்படும் மின்னோட்டம் 2.3 மில்லிநொடியில் அந்த 7-ஐத் தொட்டுவிடுகிறது. அதில் சேரும் ஆற்றல் 98 மில்லிஜூல். பழைய காயில் நிதானமாக 15 மில்லிநொடி எடுத்தும் சேர்க்க முடியாத அளவு.

வளைவின் அடிப்பகுதி ஏறக்குறைய நேர்கோடு. புதிய முறை அந்த நேர்கோட்டில் மட்டுமே ஓடுகிறது. வளைந்து படுக்கும் மேல்பகுதிக்குப் போவதே இல்லை. கெட்டரிங் முறையில் இறுதி மதிப்பு ஓர் இலக்கு. டிரான்சிஸ்டர் முறையில் அது, எட்டவே விடக்கூடாத ஒரு தொலைவு. தப்பித்தவறி டிரான்சிஸ்டர் மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் 28 ஆம்பியரும் 400 வாட்டுக்கு நெருக்கமான சூடும் அந்தச் சிறிய காயிலுக்குள் இறங்கும். சில நொடிகளில் அது கருகிவிடும்.

இன்றைய கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் இருக்கிறது. டிரான்சிஸ்டரை எப்போது மூடுவது என்று இன்ஜின் கணினி முடிவு செய்கிறது. பொறி எப்போது வேண்டும் என்று அதற்கு முன்கூட்டியே தெரியும். அங்கிருந்து எத்தனை மில்லிநொடி பின்னோக்கிப் போய் மூட வேண்டும் என்பதை அது பேட்டரி வோல்ட்டைப் பார்த்துக் கணக்கிடுகிறது. நம் 4 மில்லிஹென்றி காயிலுக்கு 7 ஆம்பியர் சேர 14 வோல்ட்டில் 2.3 மில்லிநொடி போதும். 12 வோல்ட்டில் 2.8 ஆகும், ஸ்டார்ட் செய்யும்போது 9 வோல்ட்டுக்கு இறங்கினால் 3.9 ஆகும். இந்த எண்கள் அட்டவணையாகவே கணினியின் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும். வேறு காயிலைப் பொருத்தினால் அந்த அட்டவணை பொருந்தாது. தூண்டல் குறைவான காயிலாக இருந்தால் மின்னோட்டம் மிகையாகும், கூடுதலாக இருந்தால் பொறி மெலியும்.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத நிகழ்வு என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல பட்டறைகளில் இன்று ஆசிலோஸ்கோப் இருக்கிறது. காயிலுக்குப் போகும் கம்பியை ஒரு மின்னோட்டக் கிளாம்ப்புக்குள் நுழைத்தால், திரையில் அந்த ஏற்றம் அப்படியே வரையப்படும். நல்ல காயிலில் கோடு பூஜ்யத்திலிருந்து சீராகச் சாய்ந்து ஏறி, உச்சியில் செங்குத்தாக விழும். சுற்றுகளுக்கு இடையே காப்பு கெட்டு உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால், மூடிய கணத்திலேயே கோடு செங்குத்தாக ஓர் ஆம்பியரோ இரண்டோ துள்ளிவிட்டு, பிறகுதான் சாயும். தூண்டல் அந்த அளவுக்கு இறந்துவிட்டது என்று பொருள். இணைப்பில் துரு பிடித்து மின்தடை கூடியிருந்தால் தொடக்கச் சாய்வு மாறாது. கோடு மட்டும் முன்கூட்டியே வளைந்து தாழ்வான உயரத்தில் படுத்துவிடும். நேராக ஏறிவரும் கோடு உச்சிக்குப் பக்கத்தில் திடீரென்று மேல்நோக்கி நிமிர்ந்தால், இரும்பு உள்ளகம் தாங்கக்கூடிய காந்தப்புலத்தின் எல்லை வந்துவிட்டது. அதற்கு மேல் தூண்டல் சரிய, மின்னோட்டம் பாய்கிறது. ஆனால் சேரும் ஆற்றல் அதற்கேற்ப கூடுவதில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸின் சமன்பாடு தூண்டலை மாறாத எண்ணாக எடுத்துக்கொள்கிறது. அந்த நிமிர்வு அதன் எல்லை.

உள்ளே ஷார்ட் ஆன காயிலை மல்டிமீட்டரால் கண்டுபிடிப்பது கடினம். 3 ஓம் காயிலில் சில சுற்றுகள் ஒட்டிக்கொண்டால் மின்தடை 2.9 ஆகலாம், சாதாரண மீட்டரின் பிழை வரம்புக்குள் அது மறைந்துவிடும். இறுதி மதிப்பும் அதே 4 ஆம்பியர் பக்கம்தான். மீட்டர் பார்ப்பது மின்தடையை, அதாவது ஏற்றம் முடிந்த பிறகு வரும் நிலையை மட்டும். ஒட்டிய சுற்றுகளில் மின்னோட்டம் வட்டமிட்டுக் காந்தப்புலத்தை எதிர்ப்பதால் தூண்டல் குறைவது மின்தடை குறைவதைவிடப் பல மடங்கு. அது ஏறும் வளைவில் மட்டுமே தெரியும்.

அரைமணி நேரம் நன்றாக ஓடிய பிறகு தொடங்கும் தடுமாற்றத்துக்கும் இதே கணக்கில் விடை உண்டு. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். 25 டிகிரியில் 3 ஓமாக இருந்த காயில் 100 டிகிரிக்குச் சூடானால் 3.9 ஓம் ஆகிவிடும். இறுதி மதிப்பு 4-லிருந்து 3.1 ஆம்பியருக்கு இறங்கும். கால மாறிலியும் 3-லிருந்து 2.3 மில்லிநொடிக்குக் குறையும். ஆனால் தன் உயரம் தாழ்ந்ததால்தான் அது சீக்கிரம் போய்ச் சேருகிறது. தொடக்க வேகம் பழையபடி மில்லிநொடிக்கு 1.33 ஆம்பியரேதான். பாயிண்ட் இடைவெளி அதிகமாக இருக்கும் அதே வண்டியில், 4000 சுற்றில், இந்தச் சூடான காயில் 2.85-க்குப் பதிலாக 2.5 ஆம்பியரில் அறுபடும். ஆற்றல் 28 மில்லிஜூல். குளிர்ந்திருந்தபோது எப்படியோ சமாளித்த தேய்ந்த பிளக் இப்போது சமாளிக்காது. காயிலை மாற்றுவதற்கு முன் ஃபீலர் கேஜை எடுத்து இடைவெளியைச் சரிசெய்தால், காயில் சூடாகவே இருந்தாலும் மின்னோட்டம் 2.7 ஆம்பியரைத் தாண்டும், ஆற்றலும் 33 மில்லிஜூலுக்கு மேல் திரும்பும்.